பந்திக்கு முன்னால் ஒரு நிமிடம்

மேடம், வரும் மாதம் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். சாப்பாட்டுக்கு முன்னால் நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று மனைவி ஆசைப்படுகிறாள். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் தங்கை கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னேன். சித்தப்பா பெயரைச் சொல்லிவிட்டுப் பெரியப்பா பெயரை விட்டுவிட்டேன். சாப்பிடாமல் எழுந்து போனவர் மூன்று வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இந்த முறை யாரும் விட்டுப்போகக் கூடாது என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். 63 பெயர் சேர்ந்துவிட்டது. மச்சான் நாலு லட்சம் கைமாத்தாகக் கொடுத்தார். அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேனா? முதலில் பிடித்த காண்ட்ராக்டர் லிண்டல் மட்டத்தோடு வேலையைப் போட்டுவிட்டுப் போனார்; ‘பாதியில் விட்டுப் போனவர்களுக்கும் நன்றி’ என்று ஒரு குத்து குத்தத் தோன்றுகிறது. மனையை வாங்கிப் போட்டது அப்பா. அவர் இப்போது இல்லை. அவர் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவேனோ என்றும் பயம். பேசாமலே இருந்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அன்புள்ள வாசகருக்கு,

பேசுங்கள். ஆனால் அந்த நோட்டை மூடி வைத்துவிடுங்கள்.

உங்கள் பெரியப்பாவுக்கு அன்று எது வலித்திருக்கும்? நன்றி கிடைக்காதது இல்லை. தம்பி பெயர் மைக்கில் வந்து தன் பெயர் வராமல் போனதுதான். நீங்கள் யார் பெயரையும் சொல்லாமல் ‘வந்திருக்கிற எல்லாருக்கும் நன்றி’ என்று முடித்திருந்தால் அவர் நிம்மதியாக ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு பெயர் சொல்லும்வரை யாரும் விடுபட்டவர் இல்லை. பத்துப் பெயர் சொன்னதும் பதினோராவது ஆள் விடுபட்டவர் ஆகிவிடுகிறார். 63 பெயரும் சொன்னாலும் தப்ப முடியாது. யாரை முதலில் சொன்னாய், யாரை நடுவில் சொன்னாய் என்ற கணக்கு அப்புறம் வரும். ஒரு பெயருக்கு, உறவுமுறையோடு சேர்த்து நாலு நொடி வைத்தாலும் நாலு நிமிடத்துக்கு மேல் போகிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தவர்கள், ஹோமப் புகையில் கண் எரிந்துகொண்டு, பந்தல் பக்கம் பொங்கல் வாசனையைப் பிடித்தபடி நிற்கிற நேரம் அது.

அதனால் சொந்தக்காரர் பெயர் ஒன்றுகூட வேண்டாம். ‘ஒரே ஒருத்தர் பெயர் மட்டும்’ என்ற சலுகையும் வேண்டாம், அது மச்சானாக இருந்தாலும் சரி. பெயர் சொல்லி மரியாதை செய்ய வேண்டியவர்களுக்கு நம் விழாக்களில் வேறு வழிகள் இருக்கின்றன: தாம்பூலத் தட்டோடு நேரில் போய் அழைப்பது, பூஜையில் முன்னால் நிறுத்துவது, கைபிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்கார வைப்பது. பெரியப்பாவை அப்படி அழைத்துவிட்டு, சாமி படத்தை நீங்கள்தான் உள்ளே எடுத்துவர வேண்டும் என்று கேளுங்கள். அன்று மைக்கில் விட்டதை இப்போது மைக்கில் பிடிக்க முடியாது. ஆனால் அவர் கையில் படத்தோடு நிலைவாசலைத் தாண்டுவதை ஊரே பார்க்கும்.

பெயர்களை எடுத்துவிட்டு வெறும் ‘அனைவருக்கும் நன்றி’ என்றால், பத்திரிகையின் அடியில் அச்சடித்த வரி மாதிரி சப்பென்று இருக்கும். பெயர் இருந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள், நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை. வேலை செய்தவர்களைச் சொல்லும்போது கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பெயிண்டர் என்று அடுக்கினால் அதுவும் பட்டியல்தான். கம்பி கட்டியவரும் சென்ட்ரிங் அடித்தவரும் விட்டுப்போவார்கள். அதற்குப் பதில் இரண்டு முனையைப் பிடியுங்கள்: அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கடைசி கோட் பெயிண்ட் வரை. நடுவில் உள்ள எல்லாரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த வரியைக் கேட்க அவர்கள் அங்கே இருக்க வேண்டுமே! பல வீடுகளில் மேஸ்திரி வேட்டி துண்டை வாங்கிக்கொண்டு பந்தலின் ஓரத்தில் நின்றிருப்பார். மற்றவர்களைக் கடைசிப் பந்திக்கு வரச் சொல்லியிருப்பார்கள். சித்தாள் வேலை பார்த்த பெண்களைக் கூப்பிடவே மறந்திருப்பார்கள். சம்பளம் மேஸ்திரி கை வழியாகப் போனதால் அவர்கள் பெயர் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. இரண்டாவதாக வந்த மேஸ்திரியிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு, யார் யார் என்று தெரிந்துகொண்டு, பூஜை நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். வேட்டி துண்டு, சேலை கொடுக்கும்போது ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவர்கள் கையில் கொடுங்கள். அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ள உங்கள் நோட்டு இங்கேதான் பயன்படும். பிறகு முதல் பந்தியில் அவர்களுக்கும் இடம் போடுங்கள்.

அக்கம்பக்கத்தாரிடம் நன்றியோடு கொஞ்சம் மன்னிப்பும் சேர வேண்டும். தெருவை அடைத்த மணலும் ஜல்லியும், டைல்ஸ் வெட்டுகிற மெஷின் சத்தமும், காயப்போட்ட துணியில் படிந்த தூசியும் அவர்கள் பட்ட பாடு. இதில் ஒன்றைச் சொன்னால் போதும். உங்கள் சொந்தக்காரக் கூட்டத்தில் அவர்கள் யாரையும் தெரியாமல் ஒதுங்கி நிற்பார்கள். அந்த வரியைக் கேட்டதும் நாலு பேர் அவர்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள்.

மச்சானின் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். ‘உதவினார்’ என்று பூடகமாகச் சொன்னால்கூட ‘எவ்வளவு?’ என்றுதான் பந்தியில் பேச்சு போகும். இருபதாயிரம் கொடுத்தவர் முகம் சுண்டும். உங்கள் மனைவிக்கு அது பெருமையா சங்கடமா என்பதையும் நீங்கள் கேட்கவில்லை. முந்தின நாள் இரவு சாமான் இறக்கி முடித்த பிறகு, மச்சானைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நேராகச் சொல்லுங்கள். இதில் தயக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிலரை நன்றிக் கடிதம் எழுதி அனுப்ப வைத்தார்கள். வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்கு அது இல்லை. சந்தோஷமோ அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது.

குத்து வசனம் விஷயம். அதைக் கேட்க அந்த காண்ட்ராக்டர் அங்கே இருக்கமாட்டார். கேட்கப்போவது, அவரை உங்களுக்குச் சிபாரிசு செய்த உறவினரும், விட்ட இடத்திலிருந்து ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து ஒவ்வொரு சுவரையும் சரிபார்த்து வேலையை எடுத்த இரண்டாவது மேஸ்திரியும்தான். ‘நாளைக்கு என்னைப் பற்றியும் இப்படித்தான் சொல்வாரோ’ என்று அவர் நினைப்பார். பணம் நஷ்டமானால் ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைக்குள் வருகிறது. வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், அந்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அப்பா. அவருக்கு ஒரு வரி வையுங்கள், ஆனால் கடைசியில் வைக்காதீர்கள். கடைசி வரியில் குரல் உடைந்தால் அப்படியே நின்றுபோவீர்கள், கூட்டமும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். முன்னால் வைத்தால் அடுத்த வரி உங்களை இழுத்துக்கொண்டு போகும். இந்த வாரம் ஒரு சாயங்காலம் புது வீட்டுக்குத் தனியாகப் போய், சாமான் இல்லாத ஹாலில் நின்று அந்த வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள். வெறும் அறையில் குரல் எதிரொலிக்கும், முதல் தடவை அழுகை வரும், வரட்டும். ஆறேழு தடவை சொன்ன பிறகு அந்த வாக்கியம் வாய்க்குப் பழகிவிடும். அன்றைக்கும் குரல் இடறினால் நிறுத்தி, எச்சில் விழுங்கி, மேலே போங்கள். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தை வைத்து நான் எழுதிப் பார்த்தது இது. உங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

“எல்லாருக்கும் வணக்கம். விடியிறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இந்த மனையை வாங்கிப் போட்டது எங்க அப்பா. இன்னைக்குப் படி ஏறும்போது அவர் நினைப்புதான் இருந்துச்சு. அஸ்திவாரம் தோண்டின நாள்ல இருந்து கடைசி கோட் பெயிண்ட் வரைக்கும் இங்க வேலை பார்த்தவங்க, இன்னைக்கு நம்மகூட உட்கார்ந்து சாப்பிட வந்திருக்காங்க. நீங்க பார்க்கிறதெல்லாம் அவங்க கைவேலை. இந்தத் தெருக்காரங்க எங்க மணலையும் தூசியையும் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டாங்க. இனிமே நாங்களும் இந்தத் தெருதான். ‘வீடு எப்ப முடியும், எப்ப முடியும்’னு கேட்டுக் கேட்டே முடிக்க வச்சது சொந்தக்காரங்க. எல்லாருக்கும் எங்க குடும்பத்தோட நன்றி. இலை போட்டாச்சு, வாங்க சாப்பிடலாம்.”

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். ‘கேட்டுக் கேட்டே’ வரியில் சிரிப்பு வரும். சிரிப்பு அடங்கும்வரை நில்லுங்கள், மேலேயே பேசிவிடாதீர்கள்.

ஹோமம் முடிந்து எல்லாரும் எழும்போது, முதல் பந்தி உட்காருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். இலையில் உப்பு வைத்த பிறகு பேசினால், சாப்பிட ஆரம்பிக்கலாமா கூடாதா என்று ஆட்கள் தவிப்பார்கள். ‘வாங்க சாப்பிடலாம்’ என்பதுதான் தொடங்கச் சொல்லும் குறிப்பு என்று பரிமாறுபவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். அடுத்தடுத்த பந்திகளுக்குத் திரும்பப் பேச வேண்டாம். பின்னால் வருபவர்களை வாசலில் நின்று கும்பிட்டுக் கூட்டிக்கொண்டால் போதும். நாற்பது ஐம்பது பேர்தான் என்றால் மைக்கும் வேண்டாம்.

இன்னொன்று. பேச வேண்டும் என்ற ஆசை உங்கள் மனைவியுடையது. அந்தக் கடைசி வரியை அவர் சொல்லட்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இருவரும் சேர்ந்து நின்றால் உங்கள் கை நடுக்கமும் பாதியாகும்.

அன்று யாராவது தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டே, ‘என் பேரைச் சொல்லலையேப்பா’ என்று கேட்டால் தடுமாற வேண்டாம். ‘யார் பேரையுமே சொல்லலையே மாமா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சாப்பாடு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.