ஹெச்.ஆருக்கு எழுதும்போது: தேதி, நடந்தது, வேண்டியது

"அக்கா, இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நான் பதிவு செய்யும் வேலை நேரத்தை என் சூப்பர்வைசர் பின்னால் குறைத்துவிடுகிறார். ஹெச்.ஆரில் ஒருவரிடம் வாயால் சொன்னேன். 'பார்க்கிறோம்' என்றார், அதோடு சரி. எழுத்தில் கொடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது? எழுதினால் என் வேலைக்குப் பிரச்சினை வருமா?"

தம்பி, எழுதுங்கள். ஆனால் இன்று இரவே அனுப்பிவிடாதீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட இதே விஷயம்தான் நடந்தது. நான் இரண்டு முறை எழுதினேன். முதல் கடிதம் வீணாகப் போனது, இரண்டாவதுதான் பலன் தந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்கிறேன்.

அப்போது ஒரு சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன். முதல் கடிதத்தை ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பிலும் கோபத்திலும் எழுதினேன். இரண்டு பக்கம். 'எப்போதும் என் நேரத்தை வெட்டுகிறார்', 'என்னை மட்டும் குறிவைக்கிறார்', 'மரியாதையே இல்லை' என்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டியிருந்தேன். ஹெச்.ஆர் அதிகாரி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "எந்தெந்தத் தேதியில், எத்தனை மணி நேரம்?" என்பதுதான். என்னால் ஒரு தேதியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு சூப்பர்வைசரைக் கேட்டிருக்கிறார்கள். "இடைவேளை நேரத்தைக் கழித்தேன்" என்று அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அது தவறு என்று காட்ட என் கடிதத்தில் ஒன்றுமே இல்லை. விஷயம் அங்கேயே முடிந்தது.

அந்த ஹெச்.ஆர் அதிகாரி மேல் எனக்கு அன்று வந்த கோபம் இப்போது இல்லை. ஹெச்.ஆர் என்பது நிறுவனத்தின் ஒரு பிரிவு. நிறுவனத்துக்குச் சட்டச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலை. நம் பக்கம் நின்று வாதாட அவர்கள் வழக்கறிஞர் இல்லை. அதனால்தான் எழுத்து முக்கியமாகிறது. வாயால் சொன்னதை "அப்படி யாரும் சொல்லவில்லையே" என்று சொல்லிவிடலாம். தேதியோடு ஒரு மின்னஞ்சல் போய்விட்டால், அந்த நாளிலிருந்து நிறுவனத்துக்கு விஷயம் தெரியும் என்று பதிவாகிவிடுகிறது. தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை என்ற நிலைக்குப் போக எந்த ஹெச்.ஆரும் விரும்ப மாட்டார்கள்.

இரண்டாவது முறை எழுதுவதற்கு முன் நான்கு வாரம் குறிப்பு எடுத்தேன். ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும், வீட்டுக்குக் கிளம்பும் முன்பே, ஒரு சின்ன நோட்டில் எழுதுவேன்: உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இடைவேளை எவ்வளவு, அன்று சிஸ்டத்தில் நான் பதிவு செய்தது எத்தனை மணி. ஊதியச் சீட்டு வந்ததும் பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதினேன். அன்றன்றைக்கே எழுதிய குறிப்புக்கு இருக்கும் மதிப்பு, மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதியதற்கு இருக்காது. சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் அவர் சொன்ன வார்த்தையையே எழுதினேன். 'மிரட்டினார்' என்று எழுதினால் அது என் தீர்ப்பு. 'பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார், பக்கத்தில் இன்னொரு ஊழியரும் இருந்தார்' என்பது நடந்தது. படிப்பவர் தானே முடிவுக்கு வரட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆதாரம் வேண்டும் என்று அலுவலக ஃபைல்களையோ மற்றவர்களின் விவரம் உள்ள பட்டியல்களையோ உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பல நிறுவனங்களில் அதுவே ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதுமான தவறு. உங்கள் புகார் பின்னால் போய், நீங்கள் செய்ததுதான் பேச்சாகிவிடும். உங்கள் ஊதியச் சீட்டும் உங்கள் சொந்தக் குறிப்பும் உங்களுடையவை. மற்றதெல்லாம் எங்கே இருக்கிறது என்று கடிதத்தில் குறிப்பிட்டால் போதும், எடுத்துப் பார்ப்பது அவர்கள் பாடு. பெரும்பாலான நேரப்பதிவு மென்பொருள்களில் யார், எப்போது, எந்த எண்ணை எதுவாக மாற்றினார்கள் என்ற திருத்த வரலாறு இருக்கும். என் விஷயத்தில் கடைசியில் கை கொடுத்தது அதுதான்.

சரி, கடிதம். நான் அனுப்பியது அந்த ஊர் அலுவலக மொழியில். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

> பொருள்: மார்ச் மாத வேலை நேரப் பதிவில் மாற்றம் – முறையான புகார்
>
> மார்ச் மாதத்தில் மூன்று ஷிஃப்ட்களில் நான் பதிவு செய்த நேரம், எனக்குத் தெரிவிக்கப்படாமல் குறைக்கப்பட்டுள்ளது.
>
> மார்ச் 8: காலை 6 முதல் மாலை 3.30 வரை வேலை. 30 நிமிட இடைவேளையைக் கழித்து நான் பதிவு செய்தது 9 மணி நேரம். ஊதியச் சீட்டில் 7.
> மார்ச் 15: காலை 6 முதல் மாலை 3 வரை. இடைவேளை போக 8.5 மணி நேரம். ஊதியச் சீட்டில் 7.
> மார்ச் 29: காலை 6 முதல் மாலை 3.30 வரை. இடைவேளை போக 9 மணி நேரம். ஊதியச் சீட்டில் 7.
>
> மொத்தம் 5.5 மணி நேரம் குறைகிறது. இடைவேளைக்காகக் கழித்ததாக முன்பு எனக்குச் சொல்லப்பட்டது. இடைவேளையை நான் ஏற்கெனவே கழித்தே பதிவு செய்துள்ளேன். இன்னொரு முறை 30 நிமிடம் கழித்தாலும் இந்த எண்கள் வராது.
>
> மாற்றியது யார் என்று நான் நேரில் பார்க்கவில்லை. நேரப்பதிவு சிஸ்டத்தின் திருத்த வரலாற்றையும் வாயில் நுழைவுப் பதிவையும் பார்க்குமாறும், விசாரணை முடியும்வரை அவற்றை அழிக்காமல் வைத்திருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.
>
> நான் கேட்பது: இந்த 5.5 மணி நேரத்துக்கான ஊதியம் அடுத்த சம்பளத்தில் சேர்க்கப்பட வேண்டும். இனி என் பதிவை யாராவது திருத்தினால், காரணத்துடன் எனக்கு எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும். ஏப்ரல் 25-க்குள் பதில் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட இல்லை. என்னைக் குறிவைக்கிறார், மரியாதை இல்லை என்றெல்லாம் இதில் ஒரு வார்த்தை கிடையாது. அவை பொய் என்பதால் விடவில்லை. இந்த மூன்று நாள் கணக்கோடு அவற்றையும் சேர்த்தால், பேச்சு முழுக்க அவற்றைச் சுற்றியே போய்விடும் என்பதால்தான் விட்டேன். 'மாற்றியது யார் என்று நான் பார்க்கவில்லை' என்ற வரியை எழுதத் தயங்கினேன், மனதுக்குத் தெரியும் யார் என்று. ஆனால் தெரிந்ததும் சந்தேகப்படுவதும் வேறு வேறு. சந்தேகத்தைத் தெரிந்ததுபோல் எழுதி அது ஓர் இடத்தில் தப்பானால், சரியாக இருக்கும் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

எழுதும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஹெச்.ஆர் முழு ரகசியத்துக்கு உறுதி தர முடியாது. விசாரிக்க வேண்டுமானால் எதிர்த்தரப்பிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியையும் அவரே படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

பலர் விட்டுவிடுவது அந்தக் கடைசிப் பத்தி, 'நான் கேட்பது'. வேண்டியதைச் சொல்லாவிட்டால், 'அவரிடம் பேசிவிட்டோம்' என்று சொல்லி ஹெச்.ஆர் முடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. 'அவர் மேல் நடவடிக்கை எடுங்கள்' என்று கேட்பதிலும் பயனில்லை. எடுத்தாலும் அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், அது அவருடைய ஊழியர் விவரம். நடந்ததா இல்லையா என்று நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதைக் கேளுங்கள். ஊதியச் சீட்டில் 5.5 மணி நேரம் வந்ததா என்பது எனக்குத் தெரிந்துவிடும். வந்தது, மே மாதச் சம்பளத்தில்.

யாருக்கு அனுப்புவது என்பது ஊழியர் கையேட்டில் குறைதீர்ப்பு என்ற பகுதியில் இருக்கும். முதலில் மேலாளரிடம் கொடு என்று அதில் சொல்லியிருந்தாலும், புகாரே அவர் மேல் என்றால் பெரும்பாலும் மாற்று வழி ஒன்று எழுதியிருப்பார்கள். டீம் முழுவதையும் நகலில் சேர்க்காதீர்கள்.

அப்புறம் உங்கள் பயம். பழிவாங்கவே மாட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. ஊதியம், பாதுகாப்பு, பாகுபாடு போன்ற விஷயங்களில் புகார் கொடுத்தவரைத் தண்டிப்பது பல நாடுகளில் சட்டவிரோதம். ஆனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்க, உங்கள் கடிதம் எதைப் பற்றியது என்பது தெளிவாக இருக்க வேண்டும். 'எனக்கு அநியாயம் நடக்கிறது' என்பது போதாது, 'வேலை செய்த நேரத்துக்கு ஊதியம் தரப்படவில்லை' என்று எழுதுங்கள். ஒருவேளை நேரம் குறைக்கப்படுவது வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால், யார் யாருக்கு எந்தத் தேதியில் என்பதோடு அதையும் எழுதுங்கள். தெரியாமல் 'பாகுபாடு' என்ற சொல்லைப் போடாதீர்கள். அனுப்புவதற்கு முன், இப்போது உங்கள் ஷிஃப்ட் எப்படி இருக்கிறது, கடைசி மதிப்பீட்டில் என்ன எழுதியிருந்தார்கள் என்பதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாறினால், எந்த நாளிலிருந்து மாறியது என்று காட்ட அது வேண்டும். உங்கள் விசா இந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது என்றால், வேலை போனால் எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்பதையும் குடிவரவு வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள். ஹெச்.ஆருக்கு எழுதியதால் வெளியே புகார் கொடுப்பதற்கான காலக்கெடு பொதுவாக நின்றுவிடாது. அமெரிக்காவில் பாகுபாடு பற்றிய புகாரை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். ஊதியப் புகாருக்கு வேறு கெடு. நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் இடத்தில் எவ்வளவு என்று தொழிலாளர் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ இந்த வாரமே கேளுங்கள். உள்ளே விசாரணை நடக்கிறதே என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கடிதம் போனதும் உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பேசி முடித்த அன்றே, அதே மின்னஞ்சல் தொடரில் மூன்று நான்கு வரி எழுதுங்கள்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, அடுத்து நீங்கள் செய்வதாகச் சொன்னது இது, தவறாக இருந்தால் திருத்துங்கள்.' வாயால் சொன்ன 'பார்க்கிறோம்' எழுத்துக்கு வருவது இப்படித்தான். நீங்கள் குறித்த தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் மறுநாள் காலை அதே தொடரில், பழைய கடிதம் கீழே தெரியும்படி, ஒரே வரியில் கேளுங்கள்.

முதலில் கடந்த மாத ஊதியச் சீட்டை எடுத்து, ஞாபகம் இருக்கும் ஷிஃப்ட்களோடு ஒத்துப் பாருங்கள். நோட்டை அடுத்த ஷிஃப்டிலிருந்து தொடங்குங்கள். வரைவு தயாரானதும், பெயர்களை எடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், நானும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.