செலவோடு 25% சேர்த்தே விலை சொல்வதா?

"எங்கள் நிரப்பும் இயந்திரத்தில் அச்சு மாற்ற 20 நிமிடம் போதும், போட்டியாளருடையதில் 50. ஆனாலும் செலவு 100 என்றால் 125 என்றே கொட்டேஷன் போடுகிறோம். எப்படி மாற்றுவது?"

முதலில் அந்த 30 நிமிடம் வாங்குபவருக்கு எவ்வளவு பெறும் என்று பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை அச்சு மாற்றினால், 300 நாளில் 300 மணி நேரம் மிச்சம். உங்கள் செலவை 100 என்று வைத்த அதே அளவில், ஒரு மணி நேர உற்பத்தியில் மூலப்பொருள் செலவு போக அவருக்கு 0.2 நிற்கிறது என்றால், வருடத்துக்கு 60. விற்பனை விலையை வைத்துக் கணக்கிடாதீர்கள், தொகை ஊதிப்போகும்.

போட்டியாளர் விலை 130 என்றால், முதல் வருடக் கணக்கில் மட்டுமே உங்கள் இயந்திரத்தின் மதிப்பு 190. அதில் பெரிய பங்கு அவருக்கே போகட்டும், 150 கேளுங்கள்.

ஆனால் ஒன்று. அந்த லைனில் நிரப்பும் இடம்தான் நெருக்கடியா? அடுத்து வரும் லேபிள் இயந்திரம் மெதுவாக ஓடினாலோ, கூடுதல் சரக்குக்கு ஆர்டர் இல்லாவிட்டாலோ, மிச்சமாவது ஆள்கூலி மட்டும்தான். 60 என்பது 5 ஆகிவிடும். அங்கே 150 கேட்டால் ஆர்டர் போய்விடும். நேரில் போய், நிரப்பும் இயந்திரத்துக்கு முன்னால் பாட்டில்கள் தேங்குகின்றனவா என்று பாருங்கள்.

அந்த 0.2 அவர்களுடைய உற்பத்தி மேலாளர் வாயிலிருந்தே வர வேண்டும். நீங்கள் சொன்னால் கொள்முதல் பிரிவு நம்பாது. அப்புறம், அவர்கள் செலவு விவரம் கேட்டால் தராதீர்கள். விலையைக் குறைக்கச் சொன்னால், கூடுதல் அச்சு செட்டையோ நீட்டித்த வாரண்டியையோ எடுத்துவிட்டுக் குறையுங்கள்.