விமான இறக்கையில் பனிக்கட்டி எப்படிப் படிகிறது? ஆன்டி ஐசிங், டீ ஐசிங் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. பனிக்கட்டி ஒட்டவே விடாமல் பார்த்துக்கொள்வது ஆன்டி ஐசிங், ஒட்டியதை உடைத்துத் தள்ளுவது டீ ஐசிங். ஆனால் பறக்கும்போது இரண்டுமே இறக்கையின் முன்விளிம்பை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை மட்டும்தான் காக்கின்றன, வம்பு அங்கேதான் இருக்கிறது.

முதலில் பனிக்கட்டி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மேகத்தில் இருக்கும் சுத்தமான சின்னத் துளி, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போன உடனே உறைந்துவிடாது. உறையத் தொடங்க ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும், அது கிடைக்காத வரை மைனஸ் 15 டிகிரியிலும் தண்ணீராகவே மிதக்கும். இறக்கை வந்து மோதியதும் உறைய ஆரம்பிக்கும். துளி சிறியதாகவும் குளிர் அதிகமாகவும் இருந்தால் மோதிய இடத்திலேயே உறைந்து, இடையில் காற்று சிக்கி, வெள்ளையாகச் சொரசொரப்பாகப் படியும். துளி பெரிதாக, வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. உறையும்போது வெளியாகும் வெப்பமே மிச்சத் தண்ணீரை உறையவிடாது என்பதால் அது பின்னால் கொஞ்சம் ஓடி அப்புறம் உறையும். கண்ணாடி மாதிரி கெட்டியாக, சில நேரம் கொம்பு முளைத்தது போல வளரும் இந்த வகைதான் அதிக ஆபத்தானது, இறக்கையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் எஞ்சினிலிருந்து சூடான அழுத்தக் காற்றைக் கொஞ்சம் திருப்பி முன்விளிம்புக்குள் ஓடவிடுகிறார்கள். படும் தண்ணீர் ஆவியாகிவிடும், இது ஆன்டி ஐசிங். வெப்பம் போதாமல் தண்ணீர் ஆவியாகாவிட்டால், அது வழிந்து சூடில்லாத இடத்துக்குப் போய் உறைந்துகொள்ளும். முன்னால் விசிறி சுழலும் டர்போப்ராப் விமானத்தின் எஞ்சினில் அவ்வளவு காற்றை எடுக்க முடியாது. அதனால் முன்விளிம்பில் ரப்பர் உறை ஒட்டியிருப்பார்கள், பூட் என்று பெயர். சில விநாடி காற்றடித்து உப்பவைத்தால் மேலே படிந்தது விரிசல் விட்டு, எதிர்க்காற்றில் பறந்துபோகும். அடுத்த முறை உப்பும் வரை மறுபடி படியும். ஆக, டீ ஐசிங் என்றாலே இறக்கையில் எப்போதும் கொஞ்சம் பனிக்கட்டி இருக்கும், அதோடுதான் விமானம் பறக்க வேண்டும்.

இதன் எல்லை எங்கே என்பதற்கு, 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே விழுந்த ஏடிஆர் 72 என்ற டர்போப்ராப் விமானத்தைப் பார்க்க வேண்டும். சிகாகோவில் இறங்க அனுமதி வராமல் சுமார் 10,000 அடியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடலை 15 டிகிரி இறக்கியிருந்தார்கள். அங்கே இருந்தது வழக்கமான மேகத் துளி இல்லை, உறையும் தூறல். அன்றைய சான்றளிப்பு விதிகள் சுமார் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, வரையான துளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை, தூறல் துளிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. பூட் வேலை செய்துகொண்டிருந்தபோதே, அதற்குச் சற்றுப் பின்னால், இறக்கையின் மேற்பரப்பில் ஒரு வரப்பு போலப் பனிக்கட்டி எழுந்துவிட்டது. ஃபிளாப் இறங்கியிருந்ததால் மூக்கு தாழ்ந்திருந்தது, துளிகள் மேற்பரப்பில் இன்னும் பின்னால் போய்ப்பட அதுவும் உதவியது.

8,000 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். இறங்கும்போது வேகம் கூடி ஃபிளாப் எச்சரிக்கை ஒலித்ததும் அதை மேலே ஏற்றினார்கள். ஏற்றியதும் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடியது, வரப்புக்குப் பின்னால் காற்றோட்டம் பிரிந்தது, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஏலரான் மடல் தானாகவே ஒரு பக்கம் இழுபட்டது. அதுவரை தாக்குப்பிடித்த ஆட்டோபைலட் கழன்றது, விமானம் சட்டென்று வலப்பக்கம் உருண்டது. 68 பேரும் இறந்தார்கள்.

என் கருத்தில் இதில் மோசமானது ஆட்டோபைலட்தான், விமானம் கையாளக் கடினமாகி வந்ததன் அறிகுறிகளை அது கடைசி வரை விமானிகளிடமிருந்து மறைத்துவிட்டது. அதனால்தான் கடும் ஐசிங்கில் ஆட்டோபைலட்டை விலக்கிக் கையால் பறக்கச் சொல்கிறார்கள். ஏடிஆரில் பூட்டின் அகலத்தையும் கூட்டினார்கள். விமானி அறையின் பக்க ஜன்னலில், சூடேற்றப்படாத பகுதியில் பனிக்கட்டி படர்ந்தால் துளி பெரிது என்று அர்த்தம், உடனே அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும், இறங்கியிருக்கும் ஃபிளாப்பை ஏற்றக் கூடாது.

தரையில் தெளிக்கும் திரவத்திலும் இதே இரண்டு வேலை உண்டு. சூடான ஆரஞ்சு நிறத் திரவம் படிந்ததைக் கழுவும், கெட்டியான பச்சைத் திரவம் புதிதாகப் படியாமல் கொஞ்ச நேரம் காக்கும். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது பச்சைத் திரவம் வழிந்து போய்விடுவது போல்தான் அதைத் தயாரிக்கிறார்கள், மேகத்துக்குள் அதன் உதவி கிடையாது.