13 செய்தி, ஒரே ஒரு முற்றுப்புள்ளி

கேள்வி: கும்பகோணத்தில் அம்மாவோடு இருக்கிறேன், அண்ணன் புனேயில், தம்பி சிங்கப்பூரில். அம்மா விழுந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்துக் கீழே உள்ள மெயிலை அனுப்பினேன். "அம்மா நலம் என்றறிந்து நிம்மதி, ஒழுகும் ஓட்டுக்கு 10,000 போட்டுவிட்டேன்" என்று அண்ணன் எழுதினார். தம்பி பதிலே போடவில்லை. 14-ஆம் தேதிக்கு யாரும் வரவில்லை, நானே சம்பளமில்லாத லீவு போட்டேன். மெயிலைப் படித்தால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்கிறாள் ஆபீஸ் தோழி. மூச்சு விடும் இடத்தில் கால்புள்ளி என்றுதான் பள்ளியில் படித்தேன். அனுப்பும் முன் அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன், அவர்களுக்கு எல்லாம் புரிந்தது. என்ன தப்பு செய்தேன்?

"அண்ணா, அம்மா போன புதன்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள், இடுப்பில் லேசான விரிசல்தான், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் ஆறு வாரம் படுக்கையில் இருக்கச் சொல்லி, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, மாதம் 15,000 கேட்கிறார், ஸ்கேன், மருந்து எல்லாம் 21,000 ஆனது, நான் கட்டிவிட்டேன், நீங்களும் தம்பியும் பேசிச் சொன்னால் நல்லது, 14-ஆம் தேதி திரும்பக் காட்ட வேண்டும், அன்றைக்கு எனக்கு ஆபீஸில் ஆடிட், பின்கட்டு ஓடு ஒழுகுகிறது, கொத்தனார் 10,000 ஆகும் என்றார், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா நன்றாக இருக்கிறார்கள், கவலை வேண்டாம்."

பதில்: அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது என்கிறீர்கள். புரியாமல் என்னம்மா, விழுந்தவரே அவர்தானே! அந்த வீட்டில் நடந்ததெல்லாம் தெரிந்த ஒருவரிடம், உங்கள் குரலிலேயே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து வாசித்திருக்கிறீர்கள். கடிதத்தில் வைக்காத புள்ளிகளை எல்லாம் உங்கள் தொண்டை வைத்துவிட்டது. அண்ணனுக்குப் போனது கடிதம் மட்டும்தான், தொண்டை போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு விரிசலோடு படுத்திருக்கும் தாயின் எதிரே உட்கார்ந்து, அவருக்கு ஆன செலவை ரூபாய்க் கணக்காக எதற்கு வாசித்துக் காட்டினீர்கள்? தனக்காகப் பிள்ளைகள் பணம் கேட்டுக்கொள்வதைக் கேட்பது எந்தத் தாய்க்கும் வலிக்கும். அவர் காதில் விழப்போகிறது என்று தெரிந்தே எழுதியதால்தான் கேட்க வேண்டியதை எல்லாம் நடுவில் செருகிவிட்டு, கடைசியில் "அம்மா நன்றாக இருக்கிறார்கள், கவலை வேண்டாம்" என்று முடித்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அந்த வரி அண்ணனுக்கு எழுதியதே இல்லை, கட்டிலில் இருந்தவருக்கு எழுதியது. அண்ணன் அந்த வரியைத்தான் எடுத்துக்கொண்டார், நிம்மதியும் அடைந்துவிட்டார்.

சரி, பென்சிலை எடுங்கள். மூச்சு விடும் இடத்தில் கால்புள்ளி என்பது சத்தம் போட்டு வாசிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது. பெரியவர்கள் எழுதும்போது பார்க்க வேண்டியது பேச்சு எங்கே முடிகிறது என்பதை. தமிழில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஏனென்றால் நம் வாக்கியத்தை முடித்துவைக்கிற சொல் கடைசியில் வந்து உட்காரும். ஓலைச்சுவடியில் கால்புள்ளியும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. அதைப் படித்தவர்கள் முடிக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் படித்தார்கள். விழுந்துவிட்டார்கள், கேட்கிறார், ஆனது, கட்டிவிட்டேன் என்று வருகிறதே, இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தியை முடித்துவிட்டது. அதற்குப் பின்னால் கால்புள்ளி போட்டு அடுத்த செய்தியை ஒட்டவைப்பதுதான் நீங்கள் செய்த முதல் தப்பு.

வினைச்சொல்லை மட்டும் தேடினால் இரண்டு இடம் தப்பிவிடும். "லேசான விரிசல்தான்", "எனக்கு ஆபீஸில் ஆடிட்" என்ற இரண்டிலும் வினையே இல்லை, பெயரே வாக்கியத்தை முடித்துவைக்கிறது. இதற்கு நேர்மாறாக, "ஆபரேஷன் வேண்டாம் என்று" என்பதில் உள்ள 'வேண்டாம்' எதையும் முடிக்கவில்லை. 'என்று' அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. இப்படிப் பார்த்து எண்ணினேன். முடிந்த செய்திகள் 13, முற்றுப்புள்ளி ஒன்று. ரூபாய்க்குள் வருவதை விட்டால் 16 கால்புள்ளி, அதில் 12 முற்றுப்புள்ளியாக இருந்திருக்க வேண்டியவை. 'அண்ணா' என்று கூப்பிட்ட பின் வருவதும், ஸ்கேனுக்கும் மருந்துக்கும் நடுவில் வருவதும் சரியானவை.

மீதி இரண்டுதான் ஆபத்தானவை. "டாக்டர் ... இருக்கச் சொல்லி, ... ஆள் வைத்து, மாதம் 15,000 கேட்கிறார்." நீங்களே சொல்லுங்கள், இதில் கேட்பது யார்? எழுதியபடி படித்தால் டாக்டரே சொல்லி, டாக்டரே ஆள் வைத்து, டாக்டரே மாதாமாதம் 15,000 கேட்கிறார். சொல்லி, வைத்து, போய், வந்து போன்ற எச்சங்களை அடுக்கினால் கடைசி வினையைச் செய்தவர்தான் எல்லாவற்றையும் செய்தவர் என்று பொருள். தொல்காப்பியம் வினையியலிலேயே சொல்லிவைத்திருக்கிற விதி இது. நாம் பேசும்போது மீறினாலும் குரலும் சூழலும் புரியவைத்துவிடும், மெயிலில்தான் அது குழப்புகிறது. ஒவ்வொரு எச்சத்துக்கும் முன்னால் 'யார்?' என்று கேட்டுப் பாருங்கள். சொன்னவர் டாக்டர், வைத்தவர் நீங்கள், கேட்பவர் அந்த உதவிக்கார அம்மா. மூன்று பேர் என்றால் மூன்று வாக்கியம். ஒரே வாக்கியமாகத்தான் வேண்டும் என்றால் "டாக்டர் சொன்னதால் நான் ஆள் வைத்தேன்" என்று எழுதலாம், ஏனென்றால் 'சொன்னதால்' ஆள் மாறுவதைத் தாங்கும். 'சொல்லி' தாங்காது.

அதற்காக எல்லாவற்றையும் தந்தி மாதிரி வெட்டிப்போடச் சொல்லவில்லை. "நான் காலையில் எழுந்து, அம்மாவுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை போட்டுவிட்டு, எட்டரை பஸ்ஸைப் பிடிக்கிறேன்" என்பது நீளம்தான், ஆனால் செய்கிறவர் ஒருவர், முடிவு ஒன்று. அதில் ஒரு புள்ளிகூட நடுவில் வேண்டாம். (இப்படி ஒரு வரி உங்கள் மெயிலில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் படும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.)

இனி நீங்கள் ஒளிந்துகொண்ட இடத்துக்கு வருகிறேன். "14-ஆம் தேதி திரும்பக் காட்ட வேண்டும், அன்றைக்கு எனக்கு ஆபீஸில் ஆடிட், பின்கட்டு ஓடு ஒழுகுகிறது" என்று ஓடியிருக்கிறீர்கள். ஆடிட் என்பதற்குப் பின் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். ஆடிட் இருந்தால் என்ன? அண்ணன் என்ன செய்ய வேண்டும்? "அதனால் நீங்கள் வாருங்கள்" என்ற வாக்கியம் எழுதப்படவே இல்லை. கால்புள்ளி போட்டுத் தாண்டும்போது அது எழுதப்படாதது உங்களுக்கே தெரியவில்லை. 21,000 விஷயத்திலும் இதேதான். "நான் கட்டிவிட்டேன்" என்று எழுதிவிட்டு, "பேசிச் சொன்னால் நல்லது" என்றீர்கள். எதைப் பேச வேண்டும், எவ்வளவு, எப்போதைக்குள்? ஆனால் ஓட்டுக்கு மட்டும் தொகையும் சொல்லி, "நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நேராகவும் கேட்டிருக்கிறீர்கள். பணம் வந்தது எதற்கு? ஓட்டுக்கு. அண்ணனை நான் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அம்மா விழுந்தது தெரிந்தும் போனில் கூப்பிட்டு "நான் வரவா?" என்று கேட்காத மகனுக்கு எந்த இலக்கணமும் சாக்காகாது. ஆனாலும் கேட்டது கிடைத்திருக்கிறது, கேட்காதது கிடைக்கவில்லை.

அன்றைக்கு இப்படிப் போயிருக்க வேண்டும்:

"அண்ணா, தம்பி,

அம்மா போன புதன்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். இடுப்பில் லேசான விரிசல். ஆபரேஷன் தேவையில்லை என்றும் ஆறு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். நான் ஆபீஸ் போய்விடுவதால் பகலில் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருக்கிறேன். அவருக்கு மாதம் 15,000 ரூபாய்.

ஸ்கேன், மருந்து எல்லாம் சேர்த்து 21,000 ஆனது. அதை நான் கட்டிவிட்டேன். மூன்று பேரும் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 7,000, உதவிக்கு வருபவருக்கு மாதம் ஆளுக்கு 5,000. இந்த மாதம் இருவரும் ஆளுக்கு 12,000 அனுப்புங்கள்.

14-ஆம் தேதி அம்மாவை டாக்டரிடம் திரும்பக் காட்ட வேண்டும். அன்று ஆபீஸில் ஆடிட் இருப்பதால் என்னால் போக முடியாது. அண்ணா, நீங்கள் 13-ஆம் தேதி இரவே வந்துவிடுங்கள்.

பின்கட்டு ஓடு ஒழுகுகிறது. கொத்தனார் 10,000 ஆகும் என்றார். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்."

உடம்பு, பணம், தேதி, ஓடு என்று நான்கு பத்தி. பழைய மெயிலில் 'அண்ணா' என்று மட்டும் கூப்பிட்டிருந்தீர்கள், அதனால் தம்பி அதைத் தனக்கில்லை என்று நினைத்து மூடிவைத்திருக்கலாம். கவனித்தீர்களா, 'கவலை வேண்டாம்' என்பதை எடுத்துவிட்டேன். கவலைப்படட்டும். பெற்ற தாய் படுத்திருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர், ஒருவர் மட்டும் கவலைப்பட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? அருகில் இருக்கும் பெண்ணே எல்லாம் பார்த்துக்கொள்வாள் என்பதைப் பல வீடுகளில் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பெண்களும் கடைசி வரியில் 'கவலை வேண்டாம்' என்று எழுதித் தாங்களே அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்கிறாரோ அதை வைத்து இன்றைக்கே மறுபடி எழுதுங்கள். எழுதியதும் முடிக்கும் சொற்களை எல்லாம் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் யாருக்காவது வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் வாசிக்க வேண்டாம், அந்த ஆபீஸ் தோழியிடம் கொடுத்து அவரையே படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தில் பேச்சு முடிகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுங்கள். அம்மாவிடம் போய் அண்ணன் எந்த ரயிலில் வருகிறார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.