கம்பெனி செக்ரட்டரிக்கு என்ன கேட்டு எழுதுவது?

"பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் இறுதியாண்டு படிக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் உள்ள ஒரு கம்பெனியின் செக்ரட்டேரியல் துறைக்கு, சுருக்கமான வரலாறும் யார் யாருக்குச் சொந்தம் என்ற விவரமும் கேட்டுக் கடிதம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. பதிலே இல்லை. 2,500 ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ப்ராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?"
வாசகி, காவேரிப்பட்டணம்

கொடுக்காதீர்கள். அவர்கள் விற்கப்போவது யாரும் இலவசமாகவோ 100 ரூபாய் கட்டியோ பார்க்கக்கூடிய தாள்கள்தான். போன வருடம் இன்னொரு மாணவருக்கு விற்ற அதே தாள்களாகவும் இருக்கலாம், அப்படியானால் பங்கு சதவீதம் பழையது. ஆதார் நகலும் ஓடிபியும் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இந்த விவரத்துக்காக அவை இரண்டையும் யாரிடமும் கொடுக்கத் தேவையே இல்லை. கம்பெனி சீல் வைத்த கடிதம் வந்தால்தான் ப்ராஜெக்ட் என்று அடம்பிடிக்கும் கல்லூரிகள்தான் இந்தக் கடைகளை வாழவைக்கின்றன.

உங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணமாக டைட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டறிக்கையில் L74999TZ1984PLC001456 என்ற கம்பெனி அடையாள எண் இருக்கும். முதல் எழுத்து L என்றால் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி, U என்றால் இல்லாதது. TZ என்பது கோவை பதிவாளர் அலுவலகம். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதற்குள்தான் வரும். சென்னையில் பதிவான கம்பெனிக்கு TN என்று இருக்கும். 1984 தொடங்கிய ஆண்டு, PLC பப்ளிக் லிமிடெட். 74999 தொழிலைக் குறிக்கும் எண்தான், ஆனால் அதற்குப் பொருள் 'இதர வணிகச் சேவைகள்'. கடிகாரம் அதில் இல்லை. அதை நம்பித் தொழிலை எழுதினால் தவறாகிவிடும்.

1984-ல் டைட்டன் வாட்ச்சஸ், 1993-ல் டைட்டன் இண்டஸ்ட்ரீஸ், 2013-ல் டைட்டன் கம்பெனி. இந்த மூன்று பெயர்களும் எப்போது, எதற்காக மாறின என்று சேர்த்தாலே வரலாற்றில் பாதி வந்துவிடும்.

சொந்தம் யாருடையது என்பதற்கு bseindia.com-ல் கம்பெனி பெயரைப் போட்டு Shareholding Pattern-ஐத் திறங்கள். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் கம்பெனி இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். டைட்டனை எல்லோரும் டாடா கம்பெனி என்றுதான் எழுதுவார்கள். பட்டியலைப் பார்த்தால், தமிழக அரசின் டிட்கோவிடம் 27.88 சதவீதம், டாடா குழும நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து சுமார் 25 சதவீதம். தனியாக அதிகப் பங்கு வைத்திருப்பது டிட்கோ. எந்தக் காலாண்டின் கணக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உங்கள் கம்பெனி U என்று தொடங்கினால் mca.gov.in-ல் 100 ரூபாய் கட்டி, ஆண்டு விவரப் படிவமான MGT-7-ஐப் பாருங்கள். ஒரே காரியத்துக்கு நாலு தடவை லாகின் கேட்டுப் படுத்தும் தளம் அது, ஆனாலும் வழி அதுதான். இங்கே ஒரு குழி உண்டு. சில கம்பெனிகளின் உறுப்பினர் பட்டியலில் ஒரு பெரிய நிறுவனமும், அதோடு ஆளுக்கு ஒரே ஒரு பங்கு வைத்த ஆறு பேரும் இருப்பார்கள். மாணவர்கள் 'ஏழு உரிமையாளர்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். பப்ளிக் கம்பெனிக்குக் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், பிரைவேட்டுக்கு இரண்டு. முழுப் பங்கும் தாய் நிறுவனத்துடையதாக இருந்தாலும், அந்த எண்ணிக்கையை நிரப்பத் தன் ஆட்கள் பெயரில் ஒவ்வொரு பங்கை வைப்பார்கள். அந்த ஆறு பேரும் நாமினிகள், உரிமையாளர்கள் அல்ல. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'நாமினி' என்று போட்டிருக்கும். போடாமல் விட்டிருந்தால், தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனப் பட்டியலைப் பாருங்கள். அங்கே 100 சதவீதம் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை? 'வரலாறு, உரிமை விவரம் அனுப்புங்கள்' என்று மொட்டையாகக் கேட்டால் அவர்கள் உட்கார்ந்து புதிதாக எழுதவேண்டும். எழுத்தில் கொடுக்கும் எதுவும் கம்பெனியின் வாக்குமூலம் ஆகிவிடும். வெளியிடாத தகவல் ஒன்று கசிந்தால் செபி விதியில் சிக்கல். அதனால் அப்படிப்பட்ட கடிதத்தைத் தொடவே தயங்குவார்கள். பலர் கடிதத்தைத் தொழிற்சாலை கேட்டுக்கு அனுப்புகிறார்கள், அது செக்யூரிட்டி மேசையோடு நின்றுவிடும். பதிவு அலுவலகம் வேறு ஊரில்கூட இருக்கலாம்.

மேலே சொன்னபடி நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள். ஆண்டறிக்கையில் உள்ள கம்பெனி செக்ரட்டரியின் மின்னஞ்சலுக்கு அதை அனுப்பி, இப்படிக் கேளுங்கள்:

"உங்கள் ஆண்டறிக்கையிலிருந்தும் பங்குச்சந்தைத் தாக்கலிலிருந்தும் இந்த ஒரு பக்கத்தைத் தயாரித்துள்ளேன். கல்லூரிப் பாடத்துக்கு மட்டும் பயன்படுத்துவேன். வெளியிட்ட ஆவணங்களுக்கு மாறாக ஏதேனும் இருந்தால் குறித்துத் தரவேண்டுகிறேன். பெயர் மாறிய தேதி எந்த ஆண்டறிக்கையில் உள்ளது என்பதை மட்டும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்."

கீழே துறைத்தலைவரின் கையெழுத்து இருக்கட்டும். புதிய பிளான்ட், அடுத்த காலாண்டு லாபம் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். பத்து வேலை நாள் காத்திருந்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், தாக்கல் ஆவணங்களின் தேதியைக் குறிப்பிட்டு உங்கள் பக்கத்தையே ப்ராஜெக்டில் வையுங்கள். சீல் கேட்கும் கைடிடம், ஆவணத்தின் அச்சுப்பிரதியையே இணைப்பாகக் காட்டுங்கள்.