காற்புள்ளியை எடுத்துவிட்டு அரைப்புள்ளியை வைத்தால் போதுமா?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை ஆறில் படிக்கிறான். அவனுடைய ஆங்கிலக் கட்டுரைகளில் ஆசிரியர் காற்புள்ளிகளை வட்டமிட்டு, ‘காமா ஸ்பிளைஸ்’ என்று எழுதி அனுப்புகிறார். துணைப்பாட நிலையத்தில் கேட்டோம். அந்த இடங்களில் அரைப்புள்ளி, அதாவது ‘செமிகோலன்’, போடச் சொன்னார்கள். இப்போது அரைப்புள்ளிகளுக்கும் வட்டம் விழுகிறது. ஆங்கில இலக்கணம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? — ஒரு தாயார், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் அரைப்புள்ளியை வீட்டில் தடை செய்யுங்கள்; குறைந்தது ஒரு மாதத்திற்கு அது வேண்டாம். உங்கள் மகனுக்குத் தெரியாதது எந்தக் குறியை இடுவது என்பதன்று. ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதே அவனுக்குப் புலப்படவில்லை. அது புலப்படாதவரை எந்தக் குறியைக் கொடுத்தாலும் தவறான இடத்தில்தான் விழும்.

தனித்து நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் ஒட்டினால், அதுவே ஆசிரியர் வட்டமிடும் பிழை. ‘தி பஸ் வாஸ் லேட், வி ரேன் டு ஸ்கூல்’ என்பதில் இரு பக்கமும் முழு வாக்கியம். தமிழில் ‘பேருந்து வராததால், பள்ளிக்கு ஓடினோம்’ என்று எழுதும்போது முதற்பகுதி முற்றுப்பெறாமல் நிற்கிறது, முற்று கடைசியில் ஒன்றுதான் வருகிறது. அதனால் அங்கே காற்புள்ளி உறுத்துவதில்லை. அதே நினைப்பு ஆங்கிலத்திற்குப் போகும்போது முற்றுப்பெறாத பகுதிகள் எல்லாம் முற்றுகளாகிவிடுகின்றன, காற்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. சீன மொழியிலும் முழுத் தொடர்களைக் காற்புள்ளியால் அடுக்கிச் செல்வது இயல்பு என்பதால், பக்கத்து மேசைப் பிள்ளையின் கட்டுரையிலும் இதே வட்டங்களைப் பார்க்கலாம்.

வாக்கியம் முடியும் இடத்தைக் கண்டுபிடிக்க எழுவாய், பயனிலை என்றெல்லாம் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாக அந்தத் துண்டை மாற்ற முடிகிறதா என்று மகனைக் கேளுங்கள். ‘தி பஸ் வாஸ் லேட்’ என்பது ‘வாஸ் தி பஸ் லேட்?’ ஆகிறது, ஆகவே அது முழு வாக்கியம். ‘பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்’ என்பதை அப்படி மாற்றவே முடியாது. ஆகவே அது துண்டு. ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இந்த மாற்றம் நாவிலேயே இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், காற்புள்ளிக்கு வலப்பக்கத்தைக் கையால் மறைத்து இடப்பக்கத்தைக் கேள்வியாக்கச் சொல்வது, பிறகு இடப்பக்கத்தை மறைத்து வலப்பக்கத்தைக் கேள்வியாக்கச் சொல்வது. இரண்டும் கேள்வியாகி, நடுவில் காற்புள்ளி மட்டும் இருந்தால் அது பிழை.

அவனுடைய பழைய கட்டுரை ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘தி பஸ் வாஸ் லேட், வி ரேன் டு ஸ்கூல், தி கேட் வாஸ் குளோஸ்ட், ஐ வாஸ் ஸ்கேர்ட்.’ நான்கு துண்டுகளும் கேள்வியாகின்றன. எனவே மூன்று காற்புள்ளிகளும் தவறு. முதல் வாரம் இதைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்துங்கள், திருத்தச் சொல்லாதீர்கள். இரண்டாம் வாரம் மூன்று இடங்களிலும் முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாக்கியங்கள் வெட்டு வெட்டாக ஒலிக்கும், ஆனால் ஒன்றும் பிழையாக இராது. மூன்றாம் வாரம், எந்த இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று கேளுங்கள். பேருந்து தாமதமானதுதான் ஓடியதற்குக் காரணம் என்று அவனே சொல்வான். அப்போது ‘தி பஸ் வாஸ் லேட், ஸோ வி ரேன் டு ஸ்கூல். தி கேட் வாஸ் குளோஸ்ட், அண்ட் ஐ வாஸ் ஸ்கேர்ட்’ என்று வரும். காற்புள்ளி அங்கேயேதான் இருக்கிறது; ‘ஸோ’, ‘அண்ட்’, ‘பட்’ போன்ற ஓர் இணைப்புச் சொல் துணைக்கு வந்ததால் அது சரியாகிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘ஹவ்எவர்’, ‘தெர்ஃபோர்’, ‘தென்’ ஆகியவை ‘பட்’, ‘ஸோ’ போலவே ஒலித்தாலும் வாக்கியங்களை இணைக்கும் வலு அவற்றுக்கு இல்லை. சோதிப்பது எளிது: அந்தச் சொல்லை வாக்கியத்தின் நடுவுக்கோ இறுதிக்கோ நகர்த்திப் பாருங்கள். ‘ஹவ்எவர்’ நகரும், ‘பட்’ நகராது. நகரும் சொல்லுக்கு முன்னால் முற்றுப்புள்ளி வேண்டும், காற்புள்ளி போதாது.

மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி இடு என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் திருத்தும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அறிவுரையே ஊற்று. வாக்கியம் முடியும் இடத்திலும் பிள்ளை மூச்சு விடத்தான் செய்கிறது. ‘உயர்நிலை நிறுத்தக்குறிகள்’ என்று விளம்பரம் செய்து விடுமுறை வகுப்பு நடத்துவோர் அதைவிட மோசம். அரைப்புள்ளி இருந்தால் தேர்வாளர் வியந்து மதிப்பெண் தருவார் என்று பெற்றோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் வாக்கியம் எங்கே முடிகிறது என்று ஒரு மணி நேரம்கூடச் செலவிடுவதில்லை. மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் நிலையமாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பள்ளித் தேர்வுமுறையும் உதவுவதில்லை. இரண்டாம் தாளின் வாக்கிய மாற்றப் பகுதியில் இணைப்புச் சொல்லைத் தாளே தந்துவிடுகிறது. அதில் முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளை, முதல் தாளில் 150 சொற்களுக்குக் குறையாமல் தானே எழுத வேண்டிய கட்டுரையில் தடுமாறுவதில் என்ன வியப்பு?

ஒரே ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கதை எழுதும் பிள்ளைக்கு அது ஒவ்வொரு பக்கத்திலும் வரும். உரையாடலில் “ஐ ஆம் டயர்ட்,” ஹீ செட் என்னும்போது இரு பக்கமும் கேள்வியாகும், ஆனாலும் காற்புள்ளிதான் சரி. பேசியதும் பேசியதாகச் சொல்வதும் சேர்ந்து ஒரே வாக்கியம். புதிதாகக் கேள்விச் சோதனை கற்ற பிள்ளை இதையும் முற்றுப்புள்ளியாக்கிவிடும், கவனியுங்கள். ஆனால் “ஐ ஆம் டயர்ட்,” ஹீ சாட் டவுன் என்றால் பிழை. உட்கார்வது பேசும் வினை அன்று. ஆகவே ‘டயர்ட்’ முடிந்ததும் முற்றுப்புள்ளி வேண்டும். அதேபோல் “ஐ ஆம் டயர்ட்,” ஹீ செட், “ஐ வான்ட் டு கோ ஹோம்” என்பதும் பிழை. அவன் பேசியது இரண்டு வாக்கியம். ‘செட்’ என்பதன் பின் முற்றுப்புள்ளி வைத்து அடுத்ததைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டாவது பேச்சு ‘அண்ட்’ போன்ற இணைப்புச் சொல்லோடு தொடங்கி அதே வாக்கியத்தைத் தொடர்ந்தால் ‘செட்’ என்பதன் பின் காற்புள்ளி நிற்கலாம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி அவன் மேசையில் ஒட்டிவைக்கலாம்.

மாதம் முடிந்து, கண்டுபிடிப்பது பிசகாமல் வந்தபின் அரைப்புள்ளிக்கு வாருங்கள். முற்றுப்புள்ளி வைக்கக்கூடிய இடத்தில் மட்டும், அதுவும் பின்னது முன்னதை விளக்கும்போது மட்டும் அதை இடலாம்: ‘தி கேட் வாஸ் குளோஸ்ட்; வி வேர் டூ லேட்.’ ‘பிகாஸ் தி பஸ் வாஸ் லேட்’ என்பதன் பின் அரைப்புள்ளி வைத்ததால்தான் இப்போது வட்டம் விழுகிறது என்று நினைக்கிறேன். துண்டுக்குப் பின் காற்புள்ளியே சரி. ‘ஹவ்எவர்’ வரும்போது அதற்கு முன் அரைப்புள்ளியும் பின் காற்புள்ளியும் வைக்கலாம். கட்டுரைக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். அந்த ஓரிடத்திலும் ஐயம் வந்தால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்திற்குப் போகச் சொல்லுங்கள்.