ஆக்சாலிக் அமிலத் தரம் பார்த்தல்: கையேட்டின் செய்முறை வரிகளிலேயே வைவா பதிலும் இருக்கிறது

கேள்வி: பிளஸ் டூ வேதியியல் செய்முறைக் கையேட்டில் ஆக்சாலிக் அமிலத் தரம் பார்த்தலை நோக்கம், கருவிகள், செய்முறை, முன்னெச்சரிக்கை என்று முழுசாக மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் ரீடிங் தப்பாக வருகிறது, வைவாவில் திணறுகிறேன். எதை எப்படிப் படிக்க வேண்டும்? (மேலூர் பக்கம் அரசுப் பள்ளி மாணவன்)

பதில்:

உசிலம்பட்டி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். கையேட்டில் செய்முறை ஒரு பக்கம், முன்னெச்சரிக்கை ஒரு பக்கம், வாய்மொழி வினாக்கள் கடைசிப் பக்கம் என்று பிரித்துப் போட்டிருப்பதால் மூன்றையும் தனித்தனியாகப் படிக்கிறீர்கள். செய்முறையின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று எழுதி, அதற்கு நீங்களே பதில் தேடுங்கள். வைவாவில் கேட்பதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் நோக்கம். கொடுத்திருக்கும் 500 மி.லி. கரைசலில் எத்தனை கிராம் ஆக்சாலிக் அமிலம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. திறன் தெரிந்த கரைசல் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட். இரண்டுக்கும் நடுவில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இணைப்புக் கரைசலாக நிற்கிறது. அதன் திறனை ஏன் நேரடியாகத் தருவதில்லை? பெர்மாங்கனேட்டைத் துல்லியமாக எடை போட்டுக் கரைத்தாலும் அந்தத் திறன் நிற்காது. அதில் கொஞ்சம் மாங்கனீசு டைஆக்சைடு கலந்திருக்கும். தண்ணீரில் உள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்தும், வெளிச்சம் பட்டும் மெல்லச் சிதையும். அதனால் அன்றைக்கு அதன் திறன் என்ன என்பதை முதல் டைட்ரேஷனில் நாமே கண்டுபிடித்துக்கொள்கிறோம். 'பெர்மாங்கனேட் ஏன் முதன்மைத் திட்டப் பொருள் இல்லை?' என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

முதல் டைட்ரேஷனில் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, ஒரு சோதனைக் குழாய் அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்து, சூடாக்காமல் அப்படியே செய்ய வேண்டும். இரண்டாவதில் ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி., அதே அளவு சல்பியூரிக் அமிலம், ஆனால் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். ஒன்றைச் சூடாக்கி மற்றதை விட்டுவிடுவது ஏன் என்பதில்தான் இந்தச் சோதனையே இருக்கிறது.

பெர்ரஸ் அயனி பெர்மாங்கனேட்டோடு உடனே வினைபுரியும், சூடு தேவையில்லை. சூடாக்கினால் காற்றிலுள்ள ஆக்சிஜனே அதில் ஒரு பகுதியைப் பெர்ரிக்காக மாற்றிவிடும். ஆக்சாலிக் அமிலத்தின் கதை வேறு. குளிர்ந்த நிலையில் அதன் வினை மிக மெதுவாகத் தொடங்கும். முதல் ஒன்றிரண்டு சொட்டின் நிறம் மறையவே நேரம் எடுக்கும், சூடான கரைசலிலும் சில நொடி தயங்கும். அதைப் பார்த்து முடிவு நிலை வந்துவிட்டது என்று பியூரெட்டை மூடிவிடுபவர்கள் உண்டு. அந்த நிறம் போகும்வரை குடுவையைச் சுழற்றிக்கொண்டே காத்திருங்கள். கொஞ்சம் வினை நடந்ததும் உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினைவேக மாற்றியாக வேலை செய்யும். அதற்கப்புறம் சொட்டுகள் விழுந்த உடனே நிறம் போகும். தன்வினைவேக மாற்றம் என்று புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் இது.

அதற்காகக் கொதிக்க விடக்கூடாது. அமிலத்தோடு சேர்ந்து ரொம்பச் சூடானால் ஆக்சாலிக் அமிலம் கார்பன் டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, தண்ணீர் என்று சிதையும், ரீடிங் குறையும். வெப்பமானி இல்லையென்றால் லேசாக ஆவி வரும்போதே இறக்கிவிடுங்கள். பாதியில் ஆறிவிட்டால் மறுபடி மெதுவாகச் சூடு காட்டலாம்.

ஏன் சல்பியூரிக் அமிலம்தான்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரினை உண்டாக்கச் செலவாகி ரீடிங் கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட்டின் வேலையில் பங்கு கேட்கும், ரீடிங் குறையும். சல்பியூரிக் அமிலத்தையே குறைவாக ஊற்றினாலும் தப்பு. அப்போது குடுவையில் பழுப்பு நிறம் அல்லது கலங்கல் வரும். மாங்கனீசு +2 நிலை வரை போகாமல் மாங்கனீசு டைஆக்சைடாக +4 நிலையில் நின்றுவிட்டதன் அடையாளம் அது. பெர்மாங்கனேட்டைக் கடகடவென்று திறந்துவிட்டாலும் இதே பழுப்பு வரும். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், திருத்தப் பார்க்காதீர்கள்.

முடிவில் வரும் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடமாவது நிற்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் சொந்த நிறமே காட்டிக்கொடுப்பதால் தனி நிறங்காட்டி வேண்டாம். நிறம் அடர்த்தியாக இருப்பதால் பியூரெட்டில் கீழ்ப் பிறைத்தளம் தெரியாது, மேல் விளிம்பைப் படியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே விளிம்பாக இருக்கட்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் 0.1 N என்று வைத்துக்கொள்வோம். அதன் 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 20.4 மி.லி. ஆனது. V1N1 = V2N2 படி பெர்மாங்கனேட்டின் நார்மாலிட்டி 2 ÷ 20.4, அதாவது 0.0980. அடுத்து ஆக்சாலிக் அமிலம் 20 மி.லி.க்குப் பெர்மாங்கனேட் 20.8 மி.லி. ஆனது. ஆக்சாலிக் அமிலத்தின் நார்மாலிட்டி 0.1020 வரும். சமான நிறை 63. அரை லிட்டரில் உள்ள எடை 0.1020 × 63 ÷ 2, ஏறத்தாழ 3.21 கிராம்.

இதே கணக்கில், முதல் குடுவையைத் தெரியாமல் சூடாக்கியதால் 20.4க்குப் பதில் 20.0 வந்தது என்று வையுங்கள். பெர்மாங்கனேட் 0.1 N ஆகிவிடும், ஆக்சாலிக் அமிலம் 0.104 N, விடை 3.28 கிராம். ஆக்சாலிக் அமிலக் குடுவையில் ஒரு தவறும் செய்யவில்லை, ஆனாலும் விடை ஏறிவிட்டது. விடை தப்பினால் இரண்டாவது டைட்ரேஷனை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதால் பயன் இல்லாமல் போவது இதனால்தான். தொடர்ந்து எடுத்த ரீடிங்குகள் ஒத்துப்போனாலும் ஒரே தவறு எல்லாவற்றிலும் இருக்கலாம்.

பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் எடுக்கப்போகும் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும் அலசுங்கள். கரைசலால் அலசினால் 20 மி.லி.க்கு மேல் உள்ளே போய்விடும். பிப்பெட் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளக் கூடாது, குடுவைச் சுவரில் நுனியைத் தொட்டு எடுத்தால் போதும்.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயம். இங்கே பல ஊர்களில் போர் தண்ணீர் கடினமானது, சோப்பு நுரைக்காது. வாலை வடிநீர் தீர்ந்துபோய் அந்தத் தண்ணீரில் ஆக்சாலிக் அமிலத்தைக் கரைத்தால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டாக வெண்மையாகப் படியும். பாட்டிலின் அடியில் அது தங்கிவிட, மேலே இருக்கும் தெளிவான கரைசலைப் பிப்பெட்டில் எடுத்தால் வகுப்பே குறைந்த ரீடிங் காட்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை எல்லோருக்கும் விடை ஒரே மாதிரி குறைந்தபோது, பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துத்தான் காரணம் தெரிந்தது. உங்கள் ரீடிங்கும் நண்பர்களின் ரீடிங்கும் ஒன்றாகக் குறைந்தால் பாட்டிலின் அடியைப் பாருங்கள். வெண்மையாக ஏதாவது தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லி, வாலை வடிநீரில் புதுக் கரைசல் தயாரிக்கக் கேளுங்கள். பாட்டிலைக் குலுக்கிவிட்டு எடுப்பதும் தீர்வாகாது, ஒவ்வொரு பிப்பெட்டிலும் படிவு வெவ்வேறு அளவில் வந்து ரீடிங் ஒத்துவராது.